ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட்: 50 எம்எம் பிரைம் வாங்கலாமா, கிட் லென்ஸே போதுமா?

பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேனான் ஆர்50 வாங்கினேன். லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா எனக்கு இதுதான் முதல். கூடவே வந்த 18-45 கிட் லென்ஸைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை.

கேமரா வாங்கியதே எங்கள் ஆச்சியைப் படம் எடுத்து வைக்கத்தான். வயது 84. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து என் அண்ணன் மகளுக்குக் கதை சொல்வாள். பிள்ளைக்கு மூன்று வயது. அந்த நேரத்து முகம்தான் எனக்கு வேண்டும். ஆனால் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெளிச்சம் என்றால் எதிர்ச் சுவரில் ஒரே ஒரு டியூப்லைட்.

கேமரா போக்கில் விட்டால் ஐஎஸ்ஓ 12,800 வரை ஏறிவிடுகிறது. ஆச்சியின் தோல் சுருக்கம் எல்லாம் மெழுகு பூசியது போல வழுவழுவென்று வருகிறது. ஐஎஸ்ஓவை 3,200-க்கு மேல் போகாமல் கட்டி வைத்தேன். இப்போது படம் கலங்குகிறது.

கடையில் கேட்டால் "போர்ட்ரெய்ட்டுக்கு 50 எம்எம் 1.8 எடுத்துக்கோங்க" என்கிறார்கள். தெரிந்த ஒருவர், "முதலில் கிட் லென்ஸை ஒழுங்காகப் பழகு, லென்ஸில் ஒன்றும் இல்லை" என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

---

தோட்டக்காரன்

கிட் லென்ஸே தாராளம். நான் அதே 18-45-இல்தான் எல்லாப் போர்ட்ரெய்ட்டும் எடுக்கிறேன். 45-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள், ஆளை மரம், சுவர் எதையும் ஒட்டி நிற்கவிடாமல் பத்துப் பதினைந்து அடி முன்னால் கொண்டுவாருங்கள், நீங்கள் முகத்துக்கு ஒன்றரை மீட்டரில் நில்லுங்கள். பின்னால் இருக்கும் வாழை இலை எல்லாம் பச்சையாகக் கரைந்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்னால் எடுத்தால் கண்ணில் ஒரு பளபளப்பும் கிடைக்கும். காசை மிச்சப்படுத்துங்கள்.

---

இருட்டறை

தோட்டக்காரன் சொன்னது காலை வெளிச்சத்துக்குச் சரி. அவர் கேட்பது இரவு ஹால்.

பொருநைக்கரை, வாங்குவதைப் பிறகு பேசலாம். கலங்கிய படங்களில் நாலைந்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கலங்கல் மூன்று விதம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

படம் முழுவதுமே, சுவர்க் காலண்டர் எழுத்து உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. விளக்குச் சுடர் போன்ற சின்ன வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள், அது கோடாக நீண்டிருக்கும். காலண்டர் எழுத்து தெளிவாக இருந்து பிள்ளையின் கை மட்டும் கரைந்திருந்தால், அசைந்தது பிள்ளை. இரண்டும் இல்லாமல் ஆச்சியின் காதோ சேலைக் கரையோ கூர்மையாக இருந்து கண் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது.

உங்கள் கிட் லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் உண்டு. அது முதல் வகையை மட்டும்தான் குணப்படுத்தும். பிள்ளையின் அசைவை எந்த ஐஎஸ்ஸும் நிறுத்தாது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் என்ன என்பதையும் படத்தின் விவரத்தில் பார்த்து எழுதுங்கள்.

---

பொருநைக்கரை

பார்த்தேன் அண்ணா. 3,200-இல் கட்டி வைத்த பிறகு எடுத்தவை எல்லாம் 1/25. காலண்டரில் தேதி படிக்கமுடிகிறது. ஆச்சி கதையில் நிறுத்தி யோசிக்கும்போது எடுத்த இரண்டு படத்தில் அவள் முகம்கூடத் தெளிவுதான். மற்றதில் அவள் உதடும் கையும் கரைந்திருக்கிறது. பிள்ளை ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. அப்படியானால் இரண்டாவது வகை. என் கையில் குற்றம் இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

---

இருட்டறை

நல்லது, இப்போது கணக்கு எளிது. பேசிக்கொண்டிருக்கும் ஒரு முகத்துக்கு 1/100 வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை துள்ளினால் அதுவும் போதாது, ஆனால் மடியில் உட்கார்ந்து கதை கேட்கிறது என்பதால் 1/100-இல் பாதிப் படம் தேறும்.

கிட் லென்ஸ் 45-இல் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. உங்கள் ஹால் வெளிச்சத்தில் எஃப் 6.3, 1/25-க்கு ஐஎஸ்ஓ 3,200 என்றால், 1/100-க்கு 12,800. கேமரா தானாகப் போன இடமும் அதுதான். ஆக, அது தப்புச் செய்யவில்லை. வேறு வழி இல்லாமல் அங்கே போனது.

50 எம்எம்மை எஃப் 1.8-இல் திறந்தால் உள்ளே வரும் ஒளி பன்னிரண்டு மடங்கு. 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து அந்த விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், 12.25 வரும். அதே ஹால், அதே 1/100, ஐஎஸ்ஓ 1,000 போதும். 12,800-க்கும் 1,000-க்கும் உள்ள வித்தியாசம் ஆச்சியின் சுருக்கங்கள்தான். ஐஎஸ்ஓ ஏறினால் படமெங்கும் மணல் தூவியது போலப் புள்ளி வரும், அந்தப் புள்ளியைத் துடைக்கும்போது கேமரா அவற்றையும் சேர்த்துத் துடைக்கிறது. எவ்வளவு பழகினாலும் கிட் லென்ஸ் இந்த இடைவெளியை நிரப்பாது.

---

கணக்குப்பிள்ளை

ஒரு நிமிடம். ஆர்50 க்ராப் சென்சார். அதில் 50 எம்எம் மாட்டினால் அது 80 எம்எம். அப்பர்ச்சரையும் 1.6-ஆல் பெருக்கவேண்டும், 1.8 என்பது 2.9 ஆகிவிடும். அதனால் இருட்டறை சொல்லும் ஒளி கிடைக்காது, கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் வீண், ஒரு ஸ்டாப் குறைந்தாலே ஒளி பாதி. கடைக்காரர்கள் இதை யாருக்கும் சொல்வதில்லை. நான் இதனால்தான் ஃபுல் ஃபிரேமுக்கு மாறினேன்.

---

இருட்டறை

பாதி சரி. ஆர்50-இலும் ஃபுல் ஃபிரேம் ஒன்றிலும் இதே 50-ஐ மாட்டி எஃப் 1.8, 1/100, ஐஎஸ்ஓ 1,000 வையுங்கள். இரண்டு படமும் ஒரே பிரகாசத்தில் வரும். லென்ஸுக்குத் தன் பின்னால் எந்த சென்சார் இருக்கிறது என்று தெரியாது. பின்புலம் கரைவது 80 எம்எம் எஃப் 2.9 போல இருக்கும் என்பது சரி. பெரிய சென்சாரில் புள்ளி குறையும் என்பதும் சரி.

ஆனால் இங்கே ஒப்பிடுவது ஒரே கேமராவில் இரண்டு லென்ஸ். 1.8-ஐப் பெருக்கினால் 6.3-ஐயும் பெருக்கவேண்டும். அது 10 ஆகும். 2.9-க்கும் 10-க்கும் இடையிலும் அதே பன்னிரண்டு மடங்குதான்.

---

கணக்குப்பிள்ளை

கிட்டையும் பெருக்கவேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மொத்த ஒளி என்ற கணக்கில் என் வாதம் நிற்கிறது. தனி இழை தொடங்குகிறேன்.

---

வன்னிமரம்

நான் டொரண்டோவில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், அபார்ட்மெண்டில் மஞ்சள் விளக்கு இரண்டு. நானும் இதே கேமராதான் வைத்திருக்கிறேன். முதலில் 50தான் வாங்கினேன். அம்மாவைச் சோபாவில் வைத்து எடுக்க நான் சமையலறைக்குள் போய் நிற்கவேண்டி வந்தது. பிறந்தநாளுக்கு மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் வெளியே. ஆறு மாதத்தில் விற்றுவிட்டு 35 எம்எம் எஃப் 1.8 ஐஎஸ் எடுத்தேன். அதுவே இப்போது கேமராவில் நிரந்தரம்.

50-இல் ஐஎஸ் கிடையாது, ஆர்50 பாடியிலும் கிடையாது என்பதைக் கவனியுங்கள் தங்கச்சி. 35-இல் உண்டு. வயதானவர்கள் அசையாமல் இருக்கும்போது 1/25 வைத்தால் ஐஎஸ்ஓ 250-க்கு வந்துவிடும். விலை 50-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதை மறைக்கவில்லை. சின்ன அறைக்கு 35தான் என்பது என் முடிவு.

---

சலங்கை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு அடுத்த மாதம் அரங்கேற்றம். எனக்கும் ஆர்50தான், இரண்டு லென்ஸ் செட், 18-45-உம் 55-210-உம் இருக்கிறது. பெற்றோருக்கு எட்டாவது வரிசையில் இடம். மேடை வெளிச்சத்துக்கு இந்த 50 எம்எம் வாங்கிவிடலாமா?

---

இருட்டறை

சலங்கை, வேண்டாம். எட்டாவது வரிசை என்றால் பத்து மீட்டர் இருக்கும். கேமராவை நிறுத்திப் பிடித்தாலும் 50-இல் நாலரை மீட்டர் உயரம் ஃபிரேமுக்குள் வரும். மகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருப்பார். மேடை விளக்கு வீட்டு டியூப்லைட்டை விடப் பல மடங்கு பிரகாசம். 55-210-ஐ 85, 100 பக்கம் வைத்து, 1/250 வைத்து, ஐஎஸ்ஓவைத் தாராளமாக விடுங்கள். ஒத்திகை அன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வன்னிமரம் எழுப்பியது முக்கியமான விஷயம். வெளிச்சக் கணக்கில் பிரைம் ஜெயித்துவிட்டது, சரி. எந்த பிரைம் என்பதை அறையின் நீளம்தான் சொல்லும். பொருநைக்கரை, காசு செலவில்லாமல் அறிய ஒரு வழி. கிட் லென்ஸின் வளையத்தை 45-இல் வைத்து ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் வளையத்தைத் தொடாமல் எடுங்கள். 50 என்பது அதைவிட இன்னும் கொஞ்சம் நெருக்கம். அப்புறம் 35-இல் ஒட்டி மூன்று நாள். படம் கலங்குகிறதா, புள்ளியா என்று பார்க்கவேண்டாம். எங்கே நிற்கிறீர்கள், முதுகு சுவரில் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூடவே ஆச்சியின் நாற்காலிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

---

தோட்டக்காரன்

நான் இரவு என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம். லென்ஸுக்குப் போடும் காசில் ஒரு ஃபிளாஷ் வாங்கி வெள்ளைக் கூரையைப் பார்த்து அடித்தால் கிட் லென்ஸே போதாதா?

---

இருட்டறை

போதும், நியாயமான யோசனை. கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியில் எஃப் 6.3 தாராளமாக வேலை செய்யும், பிள்ளையின் அசைவும் நின்றுவிடும். இரண்டு சங்கடம். ஒன்று, ஆர்50-இன் ஃபிளாஷ் ஷூவில் பழைய ஃபிளாஷ்களுக்கு வேண்டிய நடு முனை கிடையாது. வீட்டில் கிடக்கும் பழைய ஃபிளாஷை மாட்டினால் எரியாது. ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்கவேண்டும். இரண்டு, குத்துவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஆச்சியின் கன்னத்தில் விழுவது அந்த ஃபிளாஷில் அடிபட்டுப் போகும். ஒவ்வொரு கதைக்கும் நடுவில் பளிச் பளிச்சென்று அடித்தால் கதையும் நின்றுவிடும். குடும்பமாக நிறுத்தி எடுக்கும் நாளுக்கு ஃபிளாஷ் நல்லது.

---

பொருநைக்கரை

ஒரு வாரம் டேப் ஒட்டி எடுத்தேன். நாற்காலியிலிருந்து சுவர் வரை 2 மீட்டர் 60. நான் நிற்க இடம் போக லென்ஸ் 2 மீட்டர் 30-இல் இருக்கும்.

45-இல் ஆச்சி மட்டும் என்றால் தலையிலிருந்து இடுப்பு வரை நிறுத்திப் பிடித்து எடுக்கலாம். இரண்டடி முன்னால் போனால் முகமும் தோளும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 35-இல் அதே அளவு முகம் வர இன்னும் பக்கத்தில் போகவேண்டியிருக்கிறது, அப்போது ஆச்சி கதையை நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்க்கிறாள். ஆனால் பிள்ளை மடியில் இருக்கும்போது, அவள் கால் ஆட்டுவது, தரையில் கிடக்கும் பொம்மை எல்லாம் சேர்ந்து வர 35தான் வசதி.

இன்னொன்றும் செய்தேன். ஒரு நாள் மதியம் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொன்னேன். அதே எஃப் 6.3, அதே 1/100. ஐஎஸ்ஓ 1,600 காட்டியது! சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் லென்ஸே தேவையில்லையோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் மதியம் ஆச்சி தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாள், கதை வராது.

---

இருட்டறை

ஜன்னல் உங்களுக்குத் தந்தது மூன்று ஸ்டாப். பிரைம் தருவது மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட ஒரே பலன், ஒன்றுக்குக் காசு இல்லை. வேறு யாராவது இதே கேள்வியோடு வந்தால் நான் முதலில் நாற்காலியை நகர்த்தத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டியது விளக்கு நேரம் என்பதால் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

வாங்குமுன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எஃப் 1.8 எல்லாவற்றுக்கும் ஆகாது. ஒன்றரை மீட்டரில் 50-ஐ முழுக்கத் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறு சென்டிமீட்டர். இரு கண்ணும் கேமராவுக்கு நேராக இருந்தால் போதும். தலையைத் திருப்பினால் தூரத்துக் கண் மங்கும். கதை சொல்பவர் முன்னும் பின்னும் சாய்வாரே, அதுவே மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அதனால் ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில், கண்ணைப் பிடிக்கும்படி வைக்கவேண்டும். ஒரே தடவை பூட்டிவிட்டுக் காத்திருந்தால் காதுதான் கூர்மையாக வரும்.

மடியில் பிள்ளை இருந்தால் ஆச்சியின் முகத்துக்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இருக்கும். இருவரும் ஃபிரேமில் அடங்கப் பின்னால் போவதால் ஆழம் கொஞ்சம் கூடும். ஆனாலும் எஃப் 1.8-இல் ஒருவர்தான் தெளிவு. இருவரும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 4. அப்போது ஐஎஸ்ஓ 5,000. கிட்டின் 12,800-ஐ விட நல்லதுதான், ஆனால் பன்னிரண்டு மடங்கு லாபம் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. பலரும் பிரைம் வாங்கி ஏமாந்தோம் என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

---

வன்னிமரம்

அதனால்தான் 35 என்கிறேன். 35-இல் ஆழம் அதிகம்.

---

இருட்டறை

அதே இடத்தில் நின்றால் அதிகம். முகத்தை அதே அளவு பெரிதாகக் கொண்டுவரப் பக்கத்தில் போனால் அந்த லாபம் போய்விடும். அதே அளவு முகம், அதே எஃப் எண் என்றால் இரண்டிலும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். 35-இல் நிஜமான லாபம், சுவர் இடிக்காமல் இருவரையும் உள்ளே கொண்டுவரலாம் என்பது. மூக்கு பெரிதாகத் தெரிவதும் 35-இன் குற்றம் இல்லை, பக்கத்தில் போவதன் குற்றம். ஒரு மீட்டருக்குள் போனால் எந்த லென்ஸிலும் அப்படித்தான்.

---

வன்னிமரம்

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐஎஸ் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை அண்ணை. என் அம்மா பேசாமல் டிவி பார்க்கும்போது 1/25-இல் எடுத்த படங்களைப் போல வேறு எதிலும் வரவில்லை.

---

இருட்டறை

அம்மா அசையாமல் இருந்தால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. இவரது ஆச்சி கை ஆட்டிக் கதை சொல்கிறாரே, 1/25-இல் கையே இருக்காது.

பொருநைக்கரை, உங்கள் ஊரில் கல்யாணத்துக்கு லென்ஸ் வாடகைக்குத் தரும் ஸ்டுடியோ இருக்கும். ஒரு நாள் எடுத்துப் பாருங்கள்.

---

பொருநைக்கரை

சனிக்கிழமை 50 எம்எம்மை வாடகைக்கு எடுத்தேன். கையளவு கூட இல்லை, கிட் லென்ஸ் 130 கிராம், இது 160. கேமராவில் மாட்டினால் வித்தியாசமே தெரியவில்லை.

எம் மோடில் 1/100, ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. முதல் அரைமணி எஃப் 1.8. அறுபது படத்தில் ஆச்சியின் கண் கூர்மையாக வந்தது இருபத்தெட்டு. ஐஎஸ்ஓ 1,000, 1,250 என்று நின்றது. அப்புறம் எஃப் 2.2-க்கு மாற்றினேன். ஐஎஸ்ஓ 1,600. நாற்பதில் இருபத்தேழு தேறியது. புள்ளியில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இனி 2.2தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு படம் சொல்லவேண்டும். கதையில் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடம். ஆச்சி கண்ணை அகல விரித்துக் குனிந்தாள். கன்னத்தின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் டியூப்லைட். நெற்றியில் விபூதிக் கோடு வரைக்கும் தெரிகிறது. பின்னால் இருக்கும் பீரோ, கேஸ் பில் சொருகிய காலண்டர், எல்லாம் கரைந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டாள்.

பிள்ளை மடியில் ஏறியதும் நீங்கள் சொன்னபடியே சிக்கல். எஃப் 4, ஐஎஸ்ஓ 5,000. இருவரும் ஓரளவு தெளிவு, ஆனால் பிள்ளையின் கால் ஃபிரேமுக்கு வெளியே. பிறகு பிள்ளையை மடியிலிருந்து இறக்கி, ஆச்சியின் தோளோடு தோளாக ஸ்டூலில் உட்கார வைத்தேன். இரண்டு முகமும் ஒரே தூரத்தில் வந்தன. எஃப் 2.8-இலேயே இருவரும் தெளிவு, ஐஎஸ்ஓ 2,500. இப்படி ஒரு நிமிடம்தான் அசையாமல் இருந்தாள், அதற்குள் ஆறு படம்.

---

கணக்குப்பிள்ளை

ஒரே தூரத்தில் உட்கார வைத்தது நல்ல வேலை. கேட்கவேண்டும் என்று இருந்தேன், சிக்மா 30 எம்எம் எஃப் 1.4 ஆர்எஃப் மவுண்டுக்கு 2024-இல் அறிவிக்கப்பட்டதே, அதை யாரும் சொல்லவில்லையே? க்ராப் சென்சாருக்காகவே செய்தது, கேனான் 35-ஐ விட விலை குறைவு, இன்னும் முக்கால் ஸ்டாப் ஒளி.

---

வன்னிமரம்

அதில் ஐஎஸ் இல்லை. நான் 35-ஐ விடமாட்டேன்.

---

இருட்டறை

30-உம் நல்ல லென்ஸ். இருவரையும் சேர்த்து எடுப்பதுதான் பிரதானம் என்றால் நானே அதைச் சொல்வேன். எது பிரதானம் என்று அவர்தான் சொல்லவேண்டும்.

---

பொருநைக்கரை

பழைய படங்களைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஹாலில் எடுத்ததில் நான் அழிக்காமல் வைத்திருப்பவை 112. அதில் ஆச்சி தனியாக இருப்பவை 81. அதனால் 50 எம்எம்மையே ஆர்டர் செய்துவிட்டேன். இருவரும் சேர்ந்த படத்துக்குக் கிட் லென்ஸும் மதிய ஜன்னலும். அடுத்த தீபாவளிக்குள் காசு சேர்ந்தால் 30-ஆ 35-ஆ என்று மறுபடி வந்து கேட்பேன்.

---

வன்னிமரம்

50-ஐ விற்றுவிட்டு வந்து கேட்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன் தங்கச்சி. ஆனால் அந்த நரி படத்தை நீங்கள் விவரித்ததைப் படித்ததும் எனக்கு என் 50-ஐ விற்றிருக்கவேண்டாமோ என்று தோன்றுகிறது.

---

பொருநைக்கரை

லென்ஸ் வந்துவிட்டது. ஒரு புதுப் பிரச்சினை. அண்ணன் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு எல்இடி பட்டை போட்டான். வெளிச்சம் கூடுதல் என்பதால் பிள்ளைக்காக 1/250 வைத்தேன். படத்தின் குறுக்கே கறுப்பாகப் பட்டை பட்டையாக நிழல். அடுத்த படத்தில் அந்தப் பட்டை வேறு இடத்தில். லென்ஸில் கோளாறா? திருப்பிக் கொடுக்க இரண்டு நாள்தான் இருக்கிறது.

---

இருட்டறை

லென்ஸில் ஒன்றும் இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதனால் மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/250-இல் ஷட்டர் சென்சாரின் மேலிருந்து கீழே நகரும்போது ஒரு பகுதி பிரகாசத்தையும் ஒரு பகுதி மங்கலையும் வாங்கிக்கொள்கிறது. 1/100 வைத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும், பட்டை மறையும். 1/50-உம் சரிதான், ஆனால் பிள்ளைக்கு ஆகாது. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், அதில் பட்டை இன்னும் மோசமாக வரும்.

சரிபார்க்க எளிய வழி, அதே 1/250-இல் பகலில் ஜன்னல் பக்கம் ஒரு படம் எடுங்கள். பட்டை இல்லையென்றால் விளக்குதான்.

---

பொருநைக்கரை

ஜன்னலில் பட்டை இல்லை. இரவு 1/100 வைத்ததும் ஹாலிலும் போய்விட்டது. அண்ணனிடம் பழைய டியூப்லைட்டையே மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஆச்சிக்கும் புது வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம்.